வாடகை ஒப்பந்தத்தைச் சுருக்கும்போது எந்தச் சொல்லை வெட்டலாம், எதைத் தொடக்கூடாது

வாடகை வீட்டைக் காலி செய்தபோது 48,000 ரூபாய் அட்வான்ஸில் எனக்குத் திரும்பி வந்தது 32,000. அதுவும் நான்கு மாதம் அலைந்த பிறகு. இத்தனைக்கும் வீட்டுக்காரர் என்னை மிரட்டவும் இல்லை, பொய் சொல்லவும் இல்லை. ஒப்பந்தத்தை என் முன்னால் விரித்து வைத்து, "நீங்க கையெழுத்துப் போட்டதுதானே சார், படிச்சுப் பாருங்க" என்றார். படித்தால் அவர் சொன்ன மாதிரிதான் இருந்தது. முதல் பதினோரு மாதத்துக்குப் பத்திர எழுத்தர் எழுதிக் கொடுத்த ஒப்பந்தம் வேறு. புதுப்பிக்கும்போது, "எதுக்கு இந்த மேற்படி கீழ்ப்படி எல்லாம், சிம்பிளா ஒரே பக்கத்தில் போட்டுடலாம்" என்று வீட்டுக்காரர் தரப்பில் புதிதாக ஒன்று டைப் செய்து வந்தது. படிக்க எளிதாக இருந்தது. யாருக்கும் எதிரான வரி ஒன்றும் கண்ணில் படவில்லை. போன பணம் முழுக்க அந்தச் சுருக்கத்தில் விடுபட்டுப்போன சில சொற்களில் போனதுதான்.

சுருக்கியதே தப்பு என்று சொல்ல வரவில்லை. பழைய ஒப்பந்தத்தின் நடை சுருக்க வேண்டிய நடைதான். பத்து வரிக்கு ஒரு முற்றுப்புள்ளி என்று எழுதினால், கையெழுத்துப் போடுகிற இருவருக்குமே தாங்கள் எதற்கு ஒப்புக்கொள்கிறோம் என்பது தெரியாது. ஆனால் சட்டம் சார்ந்த பத்தியைச் சுருக்குவது கட்டுரையைச் சுருக்குவது போன்றதல்ல. கட்டுரையில் கருத்து நின்றால் போதும். இங்கே, ஏதாவது ஒன்று நடக்கும்போது யார் யாருக்கு எவ்வளவு தர வேண்டும் என்ற விடை மாறாமல் நிற்க வேண்டும். இந்த வித்தியாசத்தை அப்போது யாராவது சொல்லியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். அதனால்தான் அந்தப் பத்தியையே எடுத்துவைத்து, எப்படிச் சுருக்கியிருக்க வேண்டும் என்று இங்கே காட்டுகிறேன்.

பழைய ஒப்பந்தத்தில் காலி செய்வதையும் அட்வான்ஸையும் பற்றிய பத்தி ஏறக்குறைய இப்படி இருந்தது. ஒரே மூச்சில் படிக்க வேண்டாம்.

"மேலும் மேற்படி வாடகைதாரராகிய இரண்டாம் பார்ட்டியானவர் மேற்படி ஒப்பந்தக் காலம் முடிவடைந்தோ அல்லது அதற்கு முன்பாகவோ எந்தக் காரணத்தை முன்னிட்டேனும் மேற்படி சொத்தைக் காலி செய்ய நேரிடும் பட்சத்தில், அது குறித்து ஒரு மாத காலத்துக்குக் குறையாமல் முன்னதாக எழுத்து மூலமாக மேற்படி ஒன்றாம் பார்ட்டியானவருக்குத் தெரியப்படுத்தி, மேற்படி சொத்தைத் தான் எடுத்துக்கொண்ட நிலையிலேயே, நியாயமான உபயோகத்தால் ஏற்படும் தேய்மானம் நீங்கலாக, யாதொரு சேதாரமும் பழுதும் பின்னமும் இல்லாமல், மேற்படி ஒன்றாம் பார்ட்டியானவர் வசமோ அவர்தம் வாரிசுகள், பிரதிநிதிகள், பாத்தியதை பெற்றவர்கள் வசமோ காலி சுவாதீனம் ஒப்படைக்க வேண்டியது, அவ்வாறு ஒப்படைக்கும் சமயத்திலேயே மேற்படி வீட்டு உரிமையாளராகிய ஒன்றாம் பார்ட்டியானவர் தன்வசம் உள்ள வட்டியில்லா அட்வான்ஸ் தொகை ரூ.48,000/- (ரூபாய் நாற்பத்தெட்டாயிரம் மட்டும்)-ல் வாடகைப் பாக்கி, மின்கட்டணப் பாக்கி, பராமரிப்புக் கட்டணப் பாக்கி இன்ன பிற பாக்கிகளும் மேற்படி சேதாரத்துக்குண்டான தொகையும் ஏதுமிருப்பின் அவற்றைக் கழித்துக்கொண்டு மீதத் தொகையை யாதொரு ஆட்சேபணையும் தாவாவும் இன்றி மேற்படி இரண்டாம் பார்ட்டியானவருக்குத் திருப்பிச் செலுத்த வேண்டியது. மேற்படி முன்னறிவிப்புக் கொடுக்கத் தவறும் பட்சத்தில் ஒரு மாத வாடகைக்குச் சமமான தொகையை மேற்படி அட்வான்ஸிலிருந்து கழித்துக்கொள்ள மேற்படி ஒன்றாம் பார்ட்டியானவர் சகலவித உரிமையும் அதிகாரமும் பாத்தியதையும் உடையவர் ஆவார்."

புது ஒப்பந்தத்தில் இது இரண்டே வாக்கியமாகியிருந்தது: "ஒப்பந்தக் காலம் முடிந்ததும் வாடகைதாரர் வீட்டை எடுத்துக்கொண்ட நிலையிலேயே காலி செய்து ஒப்படைக்க வேண்டும். பாக்கிகள், சேதங்கள் போக அட்வான்ஸ் தொகை திருப்பித் தரப்படும்."

அழகாகத்தான் இருக்கிறது. ஆனால் குடிவரும்போது சுவர் புதுப் பெயிண்டில் இருந்தது. "எடுத்துக்கொண்ட நிலையிலேயே" என்றால் புதுப் பெயிண்டோடு என்று அர்த்தம் என்றார் வீட்டுக்காரர். பெயிண்ட் செலவு 16,000 பிடித்தம். "திருப்பித் தரப்படும்னுதான் இருக்கு, என்னிக்குன்னு போடலையே. அடுத்த ஆள் வந்து அட்வான்ஸ் கொடுத்ததும் தர்றேன்" என்பது அடுத்த பதில். சட்டத்தில் இதற்கு எதிர்வாதம் இருக்கிறது. 1882-ஆம் ஆண்டின் சொத்து மாற்றச் சட்டம், 108-ஆவது பிரிவில், நியாயமான தேய்மானத்தை வாடகைதாரர் பொறுப்பிலிருந்து விலக்கியே வைத்திருக்கிறது. தமிழ்நாட்டின் 2017 வாடகைச் சட்டம் காலி செய்த ஒரு மாதத்துக்குள் அட்வான்ஸைத் திருப்பிக் கொடுக்கச் சொல்கிறது. சுவருக்கு வெள்ளையடிப்பதை அதன் அட்டவணை உரிமையாளர் பக்கம்தான் போட்டிருக்கிறது. ஆனால் 108-ஆவது பிரிவு, ஒப்பந்தத்தில் வேறு மாதிரி எழுதியிருந்தால் ஒப்பந்தமே நிற்கும் என்று தொடங்குகிற பிரிவு. "எடுத்துக்கொண்ட நிலையிலேயே" என்பது வேறு மாதிரி எழுதியதுதானா என்று வாதாடலாம். பணம் அவர் கையில் இருக்கும்போது 16,000 ரூபாய்க்காக யார் வாதாடப் போகிறார்கள்? நான் போகவில்லை. ஒப்பந்தத்திலேயே "நியாயமான உபயோகத்தால் ஏற்படும் தேய்மானம் நீங்கலாக" என்ற அந்த ஐந்து சொல் இருந்திருந்தால் வாதத்துக்கே இடமிருந்திருக்காது.

இனி வேலைக்கு வருவோம். நீளமான பத்தியைக் கையில் எடுத்ததும் சொல்லை வெட்டத் தொடங்கக்கூடாது. முதலில் அதற்குள் எத்தனை கட்டளை ஒளிந்திருக்கிறது என்று எண்ண வேண்டும். ஒரு வெள்ளைத் தாளில் ஒவ்வொரு கட்டளைக்கும் ஐந்து கேள்வி: யார், யாருக்கு, என்ன, எப்போது, செய்யாவிட்டால் என்ன. மேலே உள்ள பத்தியில் ஐந்து கட்டளை தேறும். வாடகைதாரர் ஒரு மாதம் முன்னதாக எழுத்தில் அறிவிக்க வேண்டும். வீட்டை நல்ல நிலையில் ஒப்படைக்க வேண்டும். உரிமையாளர் ஒப்படைக்கும் சமயத்திலேயே அட்வான்ஸைத் தர வேண்டும். அதற்கு முன் சில தொகைகளைக் கழித்துக்கொள்ளலாம். முன்னறிவிப்பு இல்லையென்றால் ஒரு மாத வாடகையையும் கழித்துக்கொள்ளலாம். இந்தத் தாள்தான் பிறகு சரிபார்க்கிற அளவுகோல். புது ஒப்பந்தத்தின் இரண்டு வாக்கியத்தையும் இதே தாளில் போட்டுப் பார்த்தால், "எப்போது" என்ற இடம் அட்வான்ஸுக்கு எதிரே காலியாக நிற்பது உடனே தெரியும். "யார்" என்பதும் காலி. "திருப்பித் தரப்படும்" என்ற வினைக்கு ஆளே கிடையாது. நாளைக்கு வீட்டுக்காரர், "அட்வான்ஸ் புரோக்கர்கிட்டல்ல இருக்கு" என்று சொன்னால் வாக்கியம் அவரைத் தடுக்காது. தமிழில் படு, பெறு சேர்த்து முடிகிற வினை மரியாதையாகத் தெரியும்; பொறுப்பைச் சத்தமில்லாமல் இறக்கி வைத்துவிட்டுப் போகும். சுருக்கும்போது இப்படி ஒரு வினை வந்தால் செய்கிறவர் பெயரை வாக்கியத்துக்குள் கொண்டுவாருங்கள். ஒரு சொல் கூடும், பரவாயில்லை.

வினையைப் பற்றிப் பேசும்போதே இன்னொன்று. "கொடுக்க வேண்டும்" என்பது கடமை. "கழித்துக்கொள்ளலாம்" என்பது உரிமை, செய்யலாம், விடலாம். "கொடுப்பார்" என்பது இரண்டும் இல்லாத வெறும் எதிர்காலம். பழைய பத்தியின் கடைசியில் "சகலவித உரிமையும் அதிகாரமும் பாத்தியதையும் உடையவர் ஆவார்" என்று நீட்டி முழக்கியது வெறும் "கழித்துக்கொள்ளலாம்"தான். ஆறு சொல்லை ஒரு விகுதியில் அடக்கிவிடலாம், பொருள் அப்படியே நிற்கும். ஆனால் அதையே "கழிக்கப்பட வேண்டும்" என்று எழுதினால் உரிமை கடமையாகிவிடும். "கழிக்கப்படும்" என்றால் எதுவென்றே தெரியாது.

அடுத்து எதை வெட்டலாம் என்று பார்ப்போம். பத்தியில் "மேற்படி" 12 இடத்தில் வருகிறது. சில பழைய பத்திரங்களில் இதையே ௸ என்ற குறியாகப் போட்டிருப்பார்கள். 12-இல் பத்து வெறும் பழக்கம். ஒப்பந்தத்தின் தலைப்பில் "உரிமையாளர்", "வாடகைதாரர்", "வீடு" என்று மூன்று பெயர் வைத்து, எது யாரைக் குறிக்கிறது என்று ஒருமுறை சொல்லிவிட்டால் இந்தப் பத்தும் போய்விடும்; பார்ட்டியானவர்களும் போய்விடுவார்கள். மிச்சம் இரண்டு மட்டும் வேலை செய்கிறவை. "மேற்படி முன்னறிவிப்பு" என்றால் ஏதோ ஓர் அறிவிப்பு அல்ல, ஒரு மாதத்துக்குக் குறையாமல், எழுத்தில் கொடுத்த அறிவிப்பு. "மேற்படி சேதாரம்" என்றால் வீட்டில் கண்ணில் படுகிற எந்தக் குறையும் அல்ல, தேய்மானம் நீங்கலான சேதாரம். என் 16,000 தங்கியிருந்தது இந்த இரண்டாவது மேற்படியில்தான். புது ஒப்பந்தத்தில் "சேதங்கள் போக" என்று வந்ததும் அந்தக் கயிறு அறுந்துவிட்டது. ஆகவே எல்லா மேற்படியையும் ஒரே அடியில் தேடி அழிக்காதீர்கள். ஒவ்வொன்றிலும் நின்று, இது வெறும் ஆளைச் சுட்டுகிறதா, அல்லது மேலே சொன்ன ஒரு நிபந்தனையை இங்கே இழுத்து வருகிறதா என்று பாருங்கள். இழுத்து வருகிறது என்றால் "இந்த", "அந்த", "மேலே சொன்ன" என்று எளிய சொல்லாக மாற்றிக்கொள்ளலாம், எடுத்துவிட முடியாது.

பெயர் வைக்கும்போது ஒரு கட்டுப்பாடு உண்டு. ஒரு பொருளுக்கு ஒரே பெயர். பள்ளியில் கூறியது கூறாதே என்று சொல்லிக்கொடுத்ததால், முதல் வரியில் வீடு, அடுத்ததில் கட்டிடம், பிறகு குடியிருப்பு என்று மாற்றி எழுதக் கை துடிக்கும். ஒப்பந்தத்தில் பெயர் மாறினால் பொருளும் மாறியதாக ஒருவர் வாதிட இடமாகிறது. "சொத்து" என்பதை "வீடு" என்று எளிமையாக்குவதிலும் சிக்கல் இருக்கிறது. அட்டவணையில் சொத்து என்று பைக் நிறுத்தும் இடமும், மாடியில் துணி காயவைக்கும் உரிமையும், சம்ப் மோட்டாரும் சேர்த்து எழுதியிருக்கும். "வீடு" என்றதும் நாலு சுவருக்குள் நின்றுவிடலாம். எனவே தலைப்பிலேயே, வீடு என்பது அட்டவணையில் கண்ட சொத்து முழுவதும் என்று ஒரு வரி வேண்டும்.

இரட்டைக் கிளவி மாதிரி வருகிற சொல்லடுக்கு அடுத்த இடம். "உரிமையும் அதிகாரமும் பாத்தியதையும்" இந்த வாக்கியத்தில் ஒரே பொருள், ஒன்று போதும். "ஆட்சேபணையும் தாவாவும் இன்றி" முழுதும் போகலாம். கொடுக்க வேண்டும் என்று எழுதிய பிறகு ஆட்சேபிக்காமல் கொடுக்க வேண்டும் என்பதால் எதுவும் கூடுவதில்லை. ஆனால் "சேதாரமும் பழுதும் பின்னமும்" அப்படியல்ல. பின்னம் என்பது உடைசல். சேதத்துக்குள் அடங்கும், எடுத்துவிடலாம். பழுது வேறு. ஜன்னல் கண்ணாடியை உடைத்தால் சேதம். மோட்டார் ஓடாமல் நின்றுபோனால் பழுது. யாரும் எதுவும் செய்யாமலே வரும். பத்தியைப் பாருங்கள்: ஒப்படைக்கும்போது சேதாரமும் இருக்கக்கூடாது, பழுதும் இருக்கக்கூடாது, ஆனால் அட்வான்ஸில் கழிக்க முடிந்தது சேதாரத்துக்கான தொகையை மட்டுமே. எழுதியவர் யோசித்துத்தான் எழுதினாரா, தற்செயலா தெரியாது. சுருக்குகிறவர் வேலை அதைத் தீர்ப்பதல்ல, இருந்ததை இருந்தபடி வைப்பது. இரண்டையும் "குறைகள்" என்று ஒரே சொல்லாக்கினால் மோட்டார் செலவும் பிடித்தத்துக்குள் வந்துவிடும்.

எந்த அடுக்கை வெட்டலாம் என்பதற்கு நான் வைத்துக்கொண்ட சோதனை இதுதான். சொல்லை அடித்துவிட்டு, வீட்டில் நடக்கக்கூடிய ஒரு சம்பவத்தைக் கற்பனை செய்ய வேண்டும். அடிப்பதற்கு முன்னும் பின்னும் பணம் ஒரே கைக்கு, ஒரே அளவில், ஒரே நாளில் போகிறதென்றால் அந்தச் சொல் போகலாம். மூன்றில் ஒன்று மாறினாலும் அது அலங்காரம் அல்ல. "எந்தக் காரணத்தை முன்னிட்டேனும்" வெறும் முழக்கம் போலத் தெரியும். அடித்துப் பாருங்கள். வேலை மாற்றலானதால் காலி செய்கிறார், சரி. பக்கத்து வீட்டோடு ஒத்துவராமல் காலி செய்கிறார். "இதெல்லாம் ஒரு காரணமா" என்று கேட்க இப்போது வழி திறக்கிறது. வைத்துக்கொள்வது நல்லது, "எந்தக் காரணத்தாலும்" என்று குறைத்து. "முடிவடைந்தோ அல்லது அதற்கு முன்பாகவோ" இன்னும் கனமானது. புது ஒப்பந்தத்தில் அது "ஒப்பந்தக் காலம் முடிந்ததும்" என்று ஆகியிருந்தது. ஆறாவது மாதம் காலி செய்ய வேண்டி வந்தால், முன்னறிவிப்பு கொடுத்துவிட்டுப் போகிற வழியே அதில் இல்லை. மீதி ஐந்து மாத வாடகையை ஒருவர் கேட்கலாம். நான் பதினோரு மாதமும் இருந்ததால் இதில் மட்டும் தப்பித்தேன்.

"இன்ன பிற பாக்கிகள்" என்பதை இரண்டு பக்கமும் கெடுக்கலாம். எடுத்துவிட்டால் வாடகை, மின்கட்டணம், பராமரிப்பு என்ற மூன்றோடு பட்டியல் மூடிவிடும். தண்ணீர் லாரிக்கான பாக்கியை உரிமையாளர் கழிக்க முடியாது. மூன்றையும் எடுத்துவிட்டு "பாக்கிகள்" என்று ஒரே சொல்லாக்கினால் எதையும் உள்ளே திணிக்கலாம். பட்டியல் முன்னால் நிற்கும்போது பின்னால் வரும் பொதுச்சொல்லை அதே இனத்தைச் சேர்ந்ததாகவே படிப்பது நீதிமன்ற வழக்கம். அதாவது அந்த மூன்று சொல் நான்காவதற்கு வேலி. ஆகவே மூன்றும் இருக்கட்டும், "பிற பாக்கிகளும்" இருக்கட்டும், "இன்ன" மட்டும் போகட்டும். ஒவ்வொன்றுக்கும் தனித்தனியாக ஒட்டியிருந்த "பாக்கி"யையும் ஒன்றாக்கிக்கொள்ளலாம்.

வாரிசுகள், பிரதிநிதிகள், பாத்தியதை பெற்றவர்கள் என்ற வரிசையைப் பார்த்ததும் எல்லோருக்கும் ஓர் எண்ணம் வரும்: தலைப்பிலேயே "உரிமையாளர் என்பது அவருடைய வாரிசுகளையும் மற்றவர்களையும் குறிக்கும்" என்று போட்டுவிட்டால் இங்கே வெட்டிவிடலாமே. இது பொதுவாக நல்ல உத்திதான், ஆனால் இந்தப் பத்தியில் பொருளை மாற்றும். வரிசை வருவது சாவியை யாரிடம் ஒப்படைக்கலாம் என்ற ஒரே இடத்தில். அட்வான்ஸைத் தர வேண்டியவர் என்று சொல்லும் இடத்தில் உரிமையாளர் மட்டுமே இருக்கிறார். தலைப்புக்கு ஏற்றினால் வீட்டை வாங்கியவரும் இந்த ஒப்பந்த வாசகப்படியே அட்வான்ஸ் தரக் கடமைப்பட்டவராகிறார். வாடகைதாரருக்கு அது லாபம்தான். ஆனாலும் அது சுருக்கம் அல்ல, புது நிபந்தனை. வாரிசைப் பொறுத்தவரை கவலை குறைவு. 1872 ஒப்பந்தச் சட்டம் 37-ஆவது பிரிவில், ஒப்பந்தம் செய்தவர் இறந்தால் அவருடைய சட்டப்படியான பிரதிநிதிகளை அது கட்டுப்படுத்தும் என்று ஏற்கெனவே சொல்லியிருக்கிறது. அதனால் வரிசையை அந்த ஒரு வாக்கியத்திலேயே விட்டு, "பாத்தியதை பெற்றவர்கள்" என்பதை மட்டும் "உரிமை பெற்றவர்கள்" ஆக்கினால் போதும்.

நாள் கணக்கில் கை வைக்கவே வேண்டாம். "ஒரு மாதம்" என்பதை "30 நாள்" ஆக்குவது எளிமையாக்கம் போலத் தோன்றும். ஜனவரி 31 அன்று கொடுத்த ஒரு மாத அறிவிப்பு லீப் அல்லாத ஆண்டில் பிப்ரவரி 28-இல் முடிகிறது. 30 நாள் என்றால் மார்ச் 2. "5-ஆம் தேதிக்குள்" என்றால் ஐந்தாம் தேதி கொடுத்தாலும் சரி. "5-ஆம் தேதிக்கு முன்" என்றால் நான்காம் தேதியே கடைசி. "குறையாமல்" என்ற சொல்லும் இந்த வகைதான். அதை "குறைந்தது" என்று மாற்றலாம், விட்டுவிட முடியாது.

கடினச் சொல் என்பதாலேயே எல்லாம் வெட்ட வேண்டியவையும் அல்ல. "காலி சுவாதீனம்" பழைய சொல். ஆனால் அதை "காலி செய்து" என்று ஆக்கினால், வாடகைதாரர் குடும்பத்தோடு போய்விட்டு, பரணில் பழைய கட்டிலையும் ஓர் அறையில் உறவினரையும் விட்டுவைத்தது காலி செய்ததா இல்லையா என்ற பேச்சு வரும். எளிய தமிழில் வேண்டுமென்றால், "ஆட்களும் பொருள்களும் இல்லாமல், சாவியோடு" என்று நீட்டித்தான் எழுத வேண்டும். இங்கே எளிமையாக்கினால் நீளம் கூடும், அதற்குத் தயங்கக்கூடாது. "நியாயமான உபயோகத்தால் ஏற்படும் தேய்மானம்" வேறு காரணத்துக்காக அப்படியே நிற்க வேண்டும். அது சட்டப் பிரிவின் வாசகத்தை ஒட்டி வந்தது. அதன் பொருள் என்ன என்று வழக்குகளில் பேசித் தீர்ந்திருக்கிறது. அதை "சாதாரணப் பழசு" என்று நம் சொல்லில் மாற்றினால் அந்தத் துணை போய்விடும்.

இத்தனைக்கும் பிறகு, தலைப்பில் மூன்று பெயரும் வைத்துவிட்டதாகக் கொண்டால், பத்தி இப்படி வருகிறது:

"ஒப்பந்தக் காலம் முடிந்தோ அதற்கு முன்போ, எந்தக் காரணத்தாலும், வாடகைதாரர் வீட்டைக் காலி செய்வதானால் குறைந்தது ஒரு மாதம் முன்னதாக உரிமையாளருக்கு எழுத்தில் அறிவிக்க வேண்டும். இப்படி அறிவிக்கத் தவறினால் ஒரு மாத வாடகையை உரிமையாளர் அட்வான்ஸிலிருந்து கழித்துக்கொள்ளலாம். வாடகைதாரர் வீட்டை எடுத்துக்கொண்ட நிலையிலேயே, நியாயமான உபயோகத்தால் ஏற்படும் தேய்மானம் நீங்கலாக, சேதமோ பழுதோ இல்லாமல் ஒப்படைக்க வேண்டும். உரிமையாளரிடமோ அவருடைய வாரிசுகள், பிரதிநிதிகள், உரிமை பெற்றவர்களிடமோ காலி சுவாதீனமாக ஒப்படைக்க வேண்டும். ஒப்படைக்கும்போதே உரிமையாளர் அட்வான்ஸ் ரூ.48,000-ஐ வட்டியில்லாமல் வாடகைதாரருக்குத் திருப்பிக் கொடுக்க வேண்டும். வாடகை, மின்கட்டணம், பராமரிப்புக் கட்டணம் ஆகியவற்றின் பாக்கியும் பிற பாக்கிகளும், மேலே சொன்ன சேதத்துக்கான தொகையும் இருந்தால் அதிலிருந்து கழித்துக்கொள்ளலாம்."

ஏறத்தாழ 40 சதவீதம் குறைந்திருக்கிறது. இரண்டு வாக்கியமாக்க முடியவில்லை; முடிந்திருந்தால் சந்தேகப்பட்டிருப்பேன். முன்னறிவிப்பைப் பற்றிய இரண்டு விதியும் பழையதில் தலையிலும் வாலிலுமாகக் கிடந்தன, இப்போது பக்கத்தில் பக்கத்தில் வந்துவிட்டன. வரிசை மாற்றியதில் "மேற்படி முன்னறிவிப்பு" என்பது "இப்படி" என்ற ஒரு சொல்லில் முடிந்துவிட்டது. சுருக்கத்தில் பாதி லாபம் சொல்லை வெட்டுவதில் அல்ல, விதியை உரிய இடத்துக்கு நகர்த்துவதில்தான் கிடைக்கிறது.

எழுதி முடித்ததும் பழையதையும் புதியதையும் பக்கத்தில் வைத்து, இரண்டையும் எழுதாத ஒருவரிடம் கொடுத்து, சம்பவம் சொல்லி விடை கேட்க வேண்டும். வாடகைதாரர் இருபது நாள் முன்னால்தான் சொன்னார், எவ்வளவு பிடிக்கலாம்? சுவர் மங்கியிருக்கிறது, பிடிக்கலாமா? சுவரில் குழந்தை ஆணியால் கீறியிருக்கிறது, பிடிக்கலாமா? உரிமையாளர் இறந்துவிட்டார், சாவியை மகனிடம் கொடுத்தால் செல்லுமா? இரண்டு தாளிலும் ஒரே விடை வந்தால் சரி. இப்படிக் கேட்கும்போது பழைய பத்தியிலேயே விடை இல்லாத கேள்வியும் கிளம்பும். வாட்ஸ்அப்பில் சொன்னது "எழுத்து மூலமாக" ஆகுமா என்பது அப்படி ஒன்று. அந்த இடத்தில் சுருக்குகிறவர் தானாக ஒரு சொல்லைச் சேர்த்துவிடக்கூடாது. தனித் தாளில் குறித்துவைத்து, இரண்டு தரப்பும் பேசி முடிவான பிறகு தனி வாக்கியமாகச் சேர்க்க வேண்டும். இல்லையென்றால், "சும்மா சுருக்கித்தான் கொடுத்தேன்" என்ற பேரில் நிபந்தனை மாறிப்போகும். கையெழுத்தான தாளில் பேனாவால் அடித்துத் திருத்துவதும் கூடாது. முக்கியமான இடத்தை ஒரு தரப்பு தனியாகத் திருத்தினால் ஒப்பந்தமே கேள்விக்குள்ளாகும். வரைவிலேயே முடித்துக்கொள்ள வேண்டிய வேலை இது.

இதே முறையைக் கடனுறுதிச் சீட்டுக்கும் வேலை ஒப்பந்தத்துக்கும் தாராளமாகப் பயன்படுத்தலாம். பவர் பத்திரத்தில் மட்டும் வேண்டாம். விற்க, அடமானம் வைக்க, பத்திரம் பதிவு செய்து கொடுக்க, பணம் பெற்றுக்கொள்ள என்று அதில் வினைகள் வரிசையாக நிற்பது அலங்காரம் போலவே தெரியும். ஆனால் பவரில் எழுதியிருக்கிற அதிகாரத்தைத் தவிர வேறில்லை என்றுதான் நீதிமன்றங்கள் இறுக்கமாகப் படிக்கின்றன. "விற்க" மட்டும் வைத்துவிட்டு "பணம் பெற்றுக்கொள்ள" என்பதை வெட்டினால், விற்கிற ஏஜென்ட் கையில் பணத்தைக் கொடுக்க வாங்குபவரின் வக்கீல் சம்மதிக்கமாட்டார்.